நேர்மையாய் வாங்கியவனுக்கே பூட்டா?



2009ஆம் ஆண்டில் என் வகுப்பறையில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். பயிற்சிக் கழகத்திலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சிக்காகச் ‘சிவப்புப் பலூன்’ என்னும் பிரெஞ்சுப் படத்தைக் காட்ட எண்ணினேன். ஆல்பர்ட் லாமொரிஸ் 1956இல் எடுத்த படம் அது. பாரிஸ் நகரத்துச் சிறுவன் ஒருவனை ஒரு சிவப்புப் பலூன் நாய்க்குட்டியைப்போல் பின்தொடர்ந்து செல்கிறது, அவ்வளவுதான் கதை. மொத்தம் 34 நிமிடங்கள். பேச்சு மிகக் குறைவு. இரண்டு பாடவேளைகள் இருந்தால் படத்தையும் பார்த்துவிட்டு, எழுதவும் தொடங்கிவிடலாம்.

அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் என் வேண்டுகோளுக்கிணங்க அதன் அசல் டிவிடியை வாங்கி வந்திருந்தார். உறையைப் பிரித்து, பள்ளிக் கருவியில் இட்டேன். வட்டு சுழன்றது. திரையில் ஒரே ஒரு வரி தோன்றியது: இவ்வட்டு இம்மண்டலத்திற்கு உரியதன்று. மீண்டும் எடுத்துத் துடைத்து இட்டேன். அதே வரி.

முன்வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் கேட்டான்: “சார், பாசார் மாலாம்ல வாங்குற டிவிடி எல்லாம் எங்க வீட்டுல நல்லா ஓடுது சார். இது ஒரிஜினல்ங்கிறதாலதான் ஓடலையா?”

அந்த மாதம்தான் நன்னெறிக் கல்வியில் நேர்மை என்னும் தலைப்பை முடித்திருந்தேன். அவனுக்கு என்ன விடை சொல்வது? அவன் கேட்டது முற்றிலும் சரி. திருட்டு வட்டில் பூட்டு இல்லை. பணம் கொடுத்து வாங்கிய வட்டில்தான் பூட்டு இருக்கிறது. நேர்மையாய் நடந்தவனைத் தண்டித்துவிட்டு, திருடியவனை மகிழ்விக்கும் இந்த ஏற்பாட்டை நான் அன்றும் வெறுத்தேன், இன்றும் வெறுக்கிறேன். ஆயினும் வெறுப்பதால் பூட்டு திறக்காது. பூட்டின் இயல்பை அறிந்தால், ஏமாறாமல் வாங்கலாம்.

டிவிடி 1990களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தபோது, படநிறுவனங்கள் உலகை மண்டலங்களாகப் பிரித்தன. அமெரிக்காவும் கனடாவும் 1. மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் 2. மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட தென்கிழக்காசியாவும் ஹாங்காங், தைவான், தென்கொரியாவும் 3. ஆஸ்திரேலியாவும் தென்னமெரிக்காவும் 4. இந்தியா, இலங்கை, ருசியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனா 6. கருவிக்குள் ஓர் எண். வட்டுக்குள் ஓர் எண். இரண்டும் பொருந்தினால் மட்டுமே படம் ஓடும். வட்டுறையின் பின்புறத்தில் சிறிய உலக உருண்டைப் படமும் அதன்மேல் இந்த எண்ணும் இருக்கும். ‘ALL’ என்றோ 0 என்றோ இருந்தால் பூட்டு இல்லை என்று பொருள். கோலாலம்பூரில் வாழும் தமிழனின் கருவிக்குச் சென்னைத் தமிழனின் வட்டு அயல்மண்டலத்துப் பொருள் என்பதை எண்ணிப் பாருங்கள்! நல்வேளையாகத் தமிழ்ப்பட வட்டுகளில் பல, பூட்டில்லாமலேயே வெளியிடப்பட்டன. ஆனால் எல்லாம் அப்படியல்ல. உறையைப் பார்த்தே ஆகவேண்டும்.

இந்தப் பிரிவினைக்குப் படநிறுவனங்கள் சொன்ன காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்காலத்தில் ஒரு படம் அமெரிக்காவில் வெளியாகிப் பல மாதங்கள் கழித்தே பிற நாடுகளின் திரையரங்குகளுக்கு வந்தது. அதற்குள் அமெரிக்க வட்டு இங்கு வந்துவிட்டால் திரையரங்கு காலியாகும் என்றார்கள். மேலும், ஏழை நாடுகளில் குறைந்த விலைக்கு விற்கும் வட்டு, பணக்கார நாடுகளுக்குக் கடத்தப்படும் என்றார்கள். இரண்டாவது காரணத்தில் ஓரளவு நியாயம் உண்டு. மலிவு விலையால் நாமும் பயனடைந்தோம். முதற்காரணமோ, 1956இல் வந்த ‘சிவப்புப் பலூனுக்கு’ எவ்வாறு பொருந்தும்? அந்தப் படத்தை எந்தத் திரையரங்கில் வெளியிடுவதற்காக என் வகுப்பு மாணவர்கள் காத்திருந்தார்கள்? பிடிவாதத்தால் போட்ட பூட்டு அது.

சரி, வட்டு ஓடவில்லை. குற்றம் பூட்டினுடையதா, வேறொன்றினுடையதா என்று எப்படி அறிவது? ஆசிரியர் பலர் இவ்விடத்தில் நல்ல வட்டைக் ‘கெட்ட வட்டு’ என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். மண்டலப் பூட்டு என்றால், கருவி வட்டைப் படித்துவிடும். படித்த பின்னரே மண்டலம் பற்றிய அறிவிப்பைக் காட்டும். வட்டில் கீறலோ அழுக்கோ இருந்தால், கருவி நெடுநேரம் திணறிச் சுழன்றுவிட்டு, வட்டே இல்லை என்று சொல்லும்; அல்லது பாதிப் படத்தில் உறைந்துவிடும். மூன்றாவதாக ஒரு குழப்பம் உண்டு. ஒலி சரியாகக் கேட்கும். ஆனால் படம் மேலும் கீழுமாக உருளும், அல்லது நிறமின்றிக் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். இது மண்டலப் பூட்டு அன்று. அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய ‘என்.டி.எஸ்.சி’ முறைக்கும், மலேசியாவும் இந்தியாவும் பின்பற்றிய ‘பால்’ முறைக்கும் உள்ள வேறுபாடு. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில்தான் இது பெருந்தொல்லை. இக்காலப் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும்.

கணினியில் போட்டுப் பார்ப்போம் என்று அவசரப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கணினியின் டிவிடி இயக்கியில் மண்டல எண்ணை மாற்றலாம். ஆனால் பொதுவாக ஐந்து முறைகள் மட்டுமே. ஐந்தாவது முறை எந்த எண்ணை வைத்தீர்களோ, அதிலேயே அது நின்றுவிடும். விண்டோசை அழித்து மீண்டும் நிறுவினாலும் பயனில்லை. கணக்கு இயக்கியின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. இயக்கியின் ‘Properties’ பகுதியில் ‘Hardware’ வழியாகச் சென்று ‘DVD Region’ என்னும் பக்கத்தைப் பார்த்தால், இன்னும் எத்தனை மாற்றங்கள் எஞ்சியுள்ளன என்பது தெரியும். எங்கள் பள்ளிக் கணினியில் ஒருவர் அமெரிக்க வட்டுக்காக 1 என மாற்ற, இன்னொருவர் 3 என மாற்ற, மற்றொருவர் இந்திய வட்டுக்காக 5 என மாற்ற, ஒரே தவணையில் மூன்று மாற்றங்கள் கரைந்துபோயின.

அப்படியானால் வழி என்ன? எல்லா மண்டலங்களையும் ஏற்கும் டிவிடி கருவி ஒன்றை வாங்குவதே வழி. மலிவான கருவிகள் பலவற்றை, தொலையியக்கியில் சில எண்களை அழுத்தியே திறந்துவிடலாம். அந்த எண்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் வேறுபடும். கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பாமல், மண்டலம் 1 வட்டு ஒன்றைக் கையோடு கொண்டுசென்று, கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். முதல் இரண்டு கடைகளில் ‘எல்லாம் ஓடும்’ என்று சொன்னவர்கள், வட்டை நீட்டியதும் வேறு பேச்சுப் பேசினார்கள்.

இனிப் புளூ-ரே வட்டுகளுக்கு வருவோம். இங்கேதான் அறிந்து வாங்குபவருக்கு நன்மை இருக்கிறது. புளூ-ரேயில் மண்டலங்கள் மூன்றே: A, B, C. அமெரிக்கக் கண்டங்களும் ஜப்பானும் கொரியாவும் தென்கிழக்காசியாவும் A. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவை B. இந்தியா, சீனா, ருசியா ஆகியவை C. டிவிடியில் நமக்கு அயலாக இருந்த அமெரிக்கா, புளூ-ரேயில் நம் மண்டலத்திற்குள்ளேயே வந்துவிட்டது! பல பெரிய நிறுவனங்களின் புளூ-ரே வட்டுகளில் பூட்டே இருப்பதில்லை. பிற்காலத்தில் வந்த 4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. அதே பெட்டியில் துணையாக வரும் சாதாரணப் புளூ-ரேயில் மட்டும் பூட்டு இருக்கக்கூடும்.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, இவை எல்லாவற்றையும் பொருத்திப் பார்க்கிறேன். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’. 1955இல் வந்த வங்கமொழிப் படம். கிராமத்து ஏழைக் குடும்பத்தின் பிள்ளைகள் அப்புவும் அவன் அக்காள் துர்காவும் நாணற்பூக்களுக்கிடையே ஓடிச்சென்று இரயிலைப் பார்க்கும் காட்சியை ஒருமுறை பார்த்த பிள்ளை மறக்காது. இப்படத்தின் மூலச் சுருள்கள் 1993இல் இலண்டனில் நேர்ந்த தீவிபத்தில் கருகின. கருகிய சுருள்களை அமெரிக்கத் திரைப்படக் கழகம் எறிந்துவிடாமல் காத்து வைத்தது. பல ஆண்டுகள் கழித்து இத்தாலியின் பொலோனியா நகரத்து வல்லுநர்கள் அவற்றில் மீட்கக்கூடிய பகுதிகளை மீட்டெடுத்தனர். மீட்க முடியாதவற்றைப் பிற பிரதிகளிலிருந்து நிரப்பினர். புதுப்பிக்கப்பட்ட அந்தப் படம் 2015இல் வெளிவந்தது. ஆகவே, அதற்கு முன்னர் வந்த வட்டுகளை வாங்கினால், தேய்ந்துபோன படியையே பார்ப்பீர்கள். முதல் முடிவு எளிது: 2015க்குப் பிற்பட்ட பதிப்பே வேண்டும்.

அடுத்த கேள்வி, எந்த நாட்டுப் பதிப்பு? அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் அவ்வாண்டே மூன்று அப்பு படங்களையும் ஒரு பெட்டியாக வெளியிட்டது. டிவிடியாகவும் புளூ-ரேயாகவும் தனித்தனியே. டிவிடி மண்டலம் 1; நம் சாதாரணக் கருவியில் ஓடாது. புளூ-ரே மண்டலம் A. நம் சாதாரணக் கருவியில் ஓடும். அதே நிறுவனம், அதே படம், அதே ஆண்டு! விலை குறைவு என்று டிவிடியை எடுத்தவர் ஏமாறுவார். பிரிட்டன் பதிப்பைத் தேர்ந்தால், அது B, நமக்கு ஓடாது. எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை ஒன்றுண்டு: மண்டலம் A வட்டு ஈப்போவில் ஓடும், சிங்கப்பூரில் ஓடும், ராய் பிறந்து வாழ்ந்த கொல்கத்தாவில் விற்ற சாதாரணக் கருவியில் ஓடாது. ஏனெனில் இந்தியா C.

இன்னொரு தவறும் இங்கே நிகழ்வதுண்டு. புளூ-ரே கருவி டிவிடியையும் ஓட்டும். ஆனால் ஒரே பெட்டிக்குள் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. டிவிடிக்கு எல்லா மண்டலமும் திறந்துவிட்டதாலேயே புளூ-ரேக்கும் திறந்துவிட்டதாகப் பொருளாகாது. ‘மல்ட்டி ரீஜன்’ என்று அட்டையில் எழுதியிருந்தால், எதற்கு என்று கேளுங்கள்.

இப்படத்தை எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு முழுமையாகக் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. வசன வரிகள் ஆங்கிலத்தில் ஓடும், இறப்பும் உண்டு. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அரை மணிநேரப் பகுதியைக் காட்டி, வசனத்தை நானே தமிழில் சொல்வேன். வட்டு கையில் இருப்பதால்தான் விரும்பிய இடத்தில் நிறுத்தவும், ‘துர்கா ஏன் அந்த மாலையை ஒளித்து வைத்தாள்?’ என்று கேட்கவும் முடிகிறது.

“இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, ஆசிரியரே!” என்று பெற்றோர் ஒருவர் கூட்டத்தில் சொன்னார். எல்லாம் கிடைக்கவில்லை. கிடைப்பதும் நிலைப்பதில்லை. இணையச் சேவை ஒரு படத்தின் உரிமையைக் குறிப்பிட்ட காலத்திற்கே வாங்குகிறது. காலம் முடிந்ததும் படம் பட்டியலிலிருந்து மறைகிறது. ஜனவரியில் பாடத்திட்டம் எழுதும்போது இருந்த படம், ஜூலையில் பாடம் நடத்தும்போது இல்லாமற்போன துயரம் எனக்கு இருமுறை நேர்ந்திருக்கிறது.

அதற்காக, வீட்டை வட்டுக் கடையாக்குங்கள் என்றும் சொல்லமாட்டேன். முந்நூறு வட்டுகளை அடுக்கிவைத்திருக்கும் நண்பர்களை அறிவேன். அவற்றுள் பெரும்பாலானவை ஒரு தீபாவளிக்குப் பார்த்துவிட்டு மறந்த நட்சத்திரப் படங்கள். அவற்றைத் தொலைக்காட்சியே ஆண்டுக்கு நான்கு முறை காட்டிவிடும். என் அலமாரியில் இருபதுக்கு மேல் இடமில்லை. உள்ளே வருவதற்கு ஒரே தேர்வு: என் வீட்டுப் பிள்ளைகளோ மாணவர்களோ மூன்றாம் முறையும் கேட்க வேண்டும். ‘சிவப்புப் பலூன்’ தேறியது. ஒரு சோடிக் காலணியை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்குச் செல்லும் மஜித் மஜீதியின் ஈரானியப் படம் ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ (1997) தேறியது. தமிழில் ‘காக்கா முட்டை’ (2015) தேறியது. எளிதில் மறைந்துபோகக் கூடியவற்றுக்கு இத்தேர்வைச் சற்றுத் தளர்த்துவேன். நம் தோட்டப்புற வாழ்க்கையைக் காட்டிய, தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) போன்ற மலேசியத் தமிழ்ப்படத்தின் அசல் வட்டு எங்கேனும் கண்ணில் பட்டால், இரண்டாம் எண்ணம் வேண்டாம்.

பழைய தமிழ்ப்படங்களை வாங்குவோர் கவனிக்க வேண்டியது மண்டல எண்ணைவிட வேறொன்று. ‘ஒரே வட்டில் மூன்று படங்கள்’ என்று விற்கப்படுகிறதே, அதனைத் தொடாதீர்கள். ஈரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி. இரண்டரை மணிநேரப் படம் ஒன்று தெளிவாக இருக்க, அவ்விடத்தின் பெரும்பகுதி வேண்டும். மூன்று படங்களை அடைத்தால், ஏழரை மணிநேரம்! ‘அவ்வையார்’ (1953) படத்தில் கே.பி. சுந்தராம்பாளின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறித் தெரிந்தால், பிள்ளைகள் பழைய படமென்றாலே அப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அது பழமையின் குற்றமன்று; அடைத்தவரின் பேராசை.

வெட்டப்பட்ட படத்தைக் கண்டறிய ஒரு சிறு கணக்கு உதவும். படச்சுருள் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். ‘பால்’ முறை டிவிடியில் அதனை 25ஆக விரைவுபடுத்திவிடுவார்கள். அதனால் 100 நிமிடப் படம் 96 நிமிடங்களில் முடிந்துவிடும். குரலும் சற்றே உயர்ந்து ஒலிக்கும். 125 நிமிடப் ‘பதேர் பாஞ்சாலி’ அப்படிப்பட்ட வட்டில் 120 நிமிடங்கள் காட்டினால் எதுவும் வெட்டப்படவில்லை. ஆனால் 150 நிமிடத் தமிழ்ப்படம் 144க்குப் பதிலாக 128 காட்டினால், பாடல்களோ காட்சிகளோ களவு போயிருக்கின்றன. உறையில் அச்சிட்ட நேரத்தை நம்பாதீர்கள். வட்டைக் கருவியில் இட்டு, அது காட்டும் மொத்த நேரத்தைப் பாருங்கள். வட்டின் அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். ஊதா நிறச் சாயல் தெரிந்தால், அது பெரும்பாலும் கணினியில் எரித்த படி. அதன் சாயம் காலத்தால் மங்கும். ஆலையில் அச்சான வட்டு வெள்ளி அல்லது பொன் நிறத்தில் இருக்கும். திருட்டு வட்டுகளும் ஆலையில் அச்சிடப்பட்டதுண்டு என்பதால், வெள்ளி நிறம் மட்டுமே அசலுக்குச் சான்றாகாது.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன விடையைக் கேட்பீர்கள். “பூட்டுப் போட்டவர்கள் செய்தது தவறு, அதற்காக நாம் திருடியதை வாங்கினால், படம் எடுத்தவருக்குக் கூலி போகாது. பூட்டைத் திறக்கும் கருவியை நான் வாங்கி வருகிறேன்,” என்றேன். இரண்டு மாதங்கள் கழித்து வாங்கிவந்தேன். அவ்வகுப்பு ‘சிவப்புப் பலூனை’ மூன்று முறை பார்த்தது. மூன்றாம் முறை, முடிவில் பாரிஸின் பலூன்களெல்லாம் சேர்ந்து சிறுவனைத் தூக்கிச் செல்லும்போது, அவன்தான் முதலில் கைதட்டினான்.

பள்ளிக் கணினியின் டிவிடி இயக்கியில் இப்போது ஒரே ஒரு மாற்றம் எஞ்சியிருக்கிறது. அதன்மேல் ‘மண்டலம் 3, யாரும் மாற்ற வேண்டா’ என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். புதிதாய் வந்த ஆசிரியர்கள் காரணம் கேட்டால், இந்தப் பக்கத்தைக் காட்டுகிறேன்.